ஒரு சாரி போதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்குள் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் செய்கிற கம்பெனி ஒன்றில், உடம்பு சரியில்லை என்றால் காய்ச்சல் மட்டும் போதாது. அதை மற்றவர் பார்த்து நம்பும்படி நடத்தியும் காட்ட வேண்டும். முதலில் வாட்சப் குரூப்பில் நீளமாக அழ வேண்டும். அப்புறம் கையில் டிரிப்ஸ் ஏறுகிற போட்டோ போட வேண்டும். வேலைக்குத் திரும்புகிற அன்று காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நின்று, "என்னால் உங்களுக்கெல்லாம் கஷ்டம், மன்னிச்சிடுங்க" என்று சொல்ல வேண்டும். இப்படி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. சூப்பர்வைசர் மணவாளன் ஏற்படுத்திய வழக்கம். "நாம ஒரு குடும்பம். குடும்பத்துல சொல்லாம கொள்ளாம இருக்கலாமா?" என்பார்.

அந்தப் போட்டோவுக்காகவே கம்பவுண்டரிடம் கெஞ்சி ஊசி ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்ன பிறகும், "ஒரு பாட்டில் ஏத்திடுங்க சார், கம்பெனிக்குக் காட்டணும்" என்று லோகு படுத்தே விட்டான். லோகு டெஸ்பாட்சில் லாரி ஏற்றுகிறவன். மாதவிடாய் வலியில் சுருண்டு கிடந்த பெண்கள் அதை எழுத முடியாமல் காய்ச்சல் என்று எழுதி, காய்ச்சலுக்கும் போட்டோ தேடினார்கள்.

இந்த வழக்கத்தை முறித்தவள் பிரின்சி. ஆரம்பாக்கத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்த கையோடு டிரெயினியாகச் சேர்ந்தவள், வருஷங்கள் ஓடியும் டிரெயினிதான். அங்கே டிரெயினிக்கு மஞ்சள் டேக், நிரந்தர ஆளுக்கு நீல டேக். மஞ்சள் டேக்கோடு லைன் லீடர் வேலை பார்த்தாள். மெஷின்களை ஓட்டுகிற பெண்கள் எல்லாரும் அவள் பொறுப்பு. இந்த முறை நீல டேக் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மணவாளன் கையெழுத்துப் போட்டு எச்.ஆர். செண்பகம் மேடத்திடம் தர வேண்டியதுதான் பாக்கி. நீல டேக் வந்தால் போனஸ், பி.எஃப்., லோன் எல்லாம் வரும். அதைவிட, "நாளையிலிருந்து வராதே" என்று வாசலிலேயே சொல்லி அனுப்ப முடியாது.

சரியாக அந்த வாரம்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

விடியும் முன்பே இரண்டு தடவை வாந்தி. எழுந்து நின்றால் தரை ஊஞ்சலாடியது. வேலைக்குப் போக முடியாது என்று தெரிந்ததும் அவளுக்கு முதலில் நினைவு வந்தது நீல டேக் இல்லை, தூண் ஓரம் விட்டுவந்த பெட்டிகள்தான்.

முந்தின நாள் வேலை முடியும் நேரத்தில் மூன்றாம் மெஷினில் வந்த கிளிப்புகளில் சிலதுக்கு மூக்கு மழுங்கியிருந்தது. அச்சுக்குள் பிளாஸ்டிக் முழுசாக நிரம்பாவிட்டால் அப்படித்தான் வரும். மூக்கு மழுங்கிய கிளிப் கதவில் நிற்காது. சந்தேகத்துக்குரிய பெட்டிகளை ஹோல்டு என்று சொல்லி, கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். செக் பண்ணி நல்லது கெட்டது பிரித்த பிறகுதான் வெளியே எடுக்கலாம். ஆனால் கூண்டுச் சாவி மணவாளனிடம். அவர் அன்றைக்குச் சீக்கிரமே ஸ்டாஃப் பஸ் ஏறிப் போய்விட்டார். போன் போட்டாள், எடுக்கவில்லை. ஆகவே பெட்டிகளைத் தூண் ஓரம் அடுக்கி, அட்டை போட்டு மூடி, அட்டைமேல் பெரிதாக ஹோல்டு என்று எழுதிவிட்டு வந்தாள். அந்த லைனுக்கு இரவு ஷிஃப்ட் இல்லை. காலையில் வந்ததும் கூண்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. காய்ச்சல் அந்தக் கணக்கில் இல்லை.

பாயில் படுத்தபடியே போனை எடுத்தாள். முதலில் நந்தினிக்குப் பேசினாள். நந்தினியும் மஞ்சள் டேக், பக்கத்துத் தெரு, அதே லைன். பேசி முடித்ததும் குரூப்பில் இப்படி எழுதினாள்:

"சார், வணக்கம். ராத்திரியிலிருந்து காய்ச்சல், வாந்தி. இன்று வேலைக்கு வர முடியாது. கடைசி நேரத்தில் சொல்வதற்கு சாரி. மூன்றாம் மெஷினில் நேற்று மாலை ஓடிய பெட்டிகள் ஹோல்டு. தூண் ஓரம் அட்டை போட்டு மூடியிருக்கிறேன், செக் பண்ணாமல் அனுப்ப வேண்டாம். கிளிப்பை அளந்து பார்க்கும் கேஜ் இருக்கிற பீரோ சாவி நந்தினியிடம் இருக்கும். லைனை அவள் பார்த்துக்கொள்வாள், பேசிவிட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருவேனா என்று மாலைக்குள் சொல்கிறேன்."

அவள் அப்பா பீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அனுப்பும் முன் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு காலத்தில் கழனி வேலைக்குப் போனவர், இப்போது ஒரு ஸ்டீல் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். கேட்டு முடித்ததும் அவர் முகம் கோணியது.

"இன்னாம்மா இது, கலெக்டர் உத்தரவு போட்ட மாரி கீது? தயவுசெஞ்சுன்னு ஒண்ணு போடு. பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்னு போடு."

"சாரி போட்டுக்கிறேனே நைனா."

"ஒரே ஒரு சாரியா? அது இன்னா, உப்புமாவுக்குப் போட்ட முந்திரி மாரி தேடிக்கினு இருக்கணுமா?"

பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் வயிறு இழுத்துப் பிடித்தது. "நீ கழனிக்குப் போவாத அன்னிக்கு இன்னா பண்ணுவ?"

"ஆண்டை ஊட்டுக் கேட்டாண்ட ஆள அனுப்புவேன். அவன் துண்ட இடுப்புல கட்டிக்கினு நிப்பான். அவரா வெளிய வந்து இன்னாடான்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"அதான் நைனா. கேட்டாண்ட நிக்கறதெல்லாம் உன்னோட போவட்டும். எனக்கு ஒடம்பு சரியில்ல. தப்பு எதுவும் பண்ணல."

அவள் மெசேஜை அப்படியே அனுப்பினாள். பீட்டர் பீரோ சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் நந்தினியிடம் கொடுக்கக் கிளம்பினார். வாசலில் திரும்பி, "இருந்தாலும் இன்னொரு சாரி போட்டுருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மணவாளனின் பதில் உடனே வந்தது. "போன் செய்து பர்மிஷன் கேட்க வேண்டும். இது இன்ஃபர்மேஷன், ரிக்வெஸ்ட் இல்லை. டிரிப்ஸ் போட்டோ எங்கே?"

"டாக்டரைப் பார்த்த பிறகு சர்டிபிகேட் தருகிறேன் சார்" என்று எழுதிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் வரிசையில் நின்று திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் மாத்திரையும் உப்புக்கரைசலும் கொடுத்து, ரெண்டு நாள் ஓய்வு என்று சர்டிபிகேட் எழுதினார். டிரிப்ஸ் வேண்டாம் என்றார். போட்டோவுக்காகவாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

சொன்னபடி மாலைக்குள் தகவல் எழுதக் குரூப்பைத் திறந்தாள். காலையில் அவள் எழுதிய இடத்தில், 'அட்மின் மணவாளன் இந்த மெசேஜை நீக்கிவிட்டார்' என்று ஒரு சாம்பல் நிறக் கோடுதான் இருந்தது. கீழே அவரே எழுதியிருந்தார்: "மரியாதை இல்லாத மெசேஜ்கள் இந்தக் குரூப்பில் இருக்காது." அதற்கும் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அவளுக்குக் காய்ச்சல் மறந்து போனது. மரியாதை கிடக்கட்டும். அதோடு சேர்ந்து பெட்டிகளைப் பற்றி எழுதியதும் போய்விட்டதே! நந்தினிக்கு அடித்தாள். லைனில் இருப்பவர்கள் ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நந்தினியே கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பொட்டிங்க போயிடுச்சுக்கா."

"எங்க போச்சு? கேஜ் பீரோ சாவி உங்கிட்ட தானே இருந்துச்சு, செக் பண்ணலியா?"

"சாவி இருந்து இன்னா பண்றது? வந்ததும் வராததுமா என்னை லைன உட்டு அசெம்பிளி செக்ஷனுக்குத் தொரத்திட்டாரு. பிரின்சி யாரு உன்னை லீடரா போடறதுக்கு, நானே பாத்துக்கறேன்னாரு. நான் சொன்னேன்க்கா. சார், மூணாம் மெஷினு பொட்டி ஹோல்டுன்னு அக்கா எழுதிக்கிறாங்கன்னு. அவ மெசேஜே செல்லாதுன்னுட்டாரு. கூட்டற அம்மா அட்டைய எடுத்துப் போட்டுட்டாங்க. லோகு அண்ணன் குரூப்ப பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னு ஏத்திட்டாரு."

ஒரகடம் பக்கத்தில் கார் கதவு தயாரிக்கிற பெரிய கம்பெனிக்கு அந்தப் பெட்டிகள் போயின. மறுநாள் அங்கே கதவில் மாட்டிய கிளிப்புகள் சட்சட்டென்று கழன்று விழுந்தன. லைன் நின்றது. லாரி அப்படியே திரும்பி வந்தது. கூடவே, எப்படி நடந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்டு மெயிலும் வந்தது.

ஓய்வு முடிந்து பிரின்சி உள்ளே நுழைந்ததும், காலைக் கூட்டத்துக்கு முன்பே மணவாளன் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அன்று அவர் குரலில் தேன் வழிந்தது.

"உட்காரும்மா. உடம்பு பரவால்லையா? நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு சார்."

டைப் செய்த தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். அதில் இருந்தது இதுதான்: லைன் லீடர் திடீரென விடுப்பு எடுத்தார், ஹோல்டு பெட்டிகள் பற்றி யாரிடமும் தெரிவிக்கவில்லை, இனி இப்படி நடக்காது. கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"கஸ்டமருக்கு ஒரு காரணம் காட்டியாகணும். காய்ச்சல்ல மறந்துட்டேன்னு சொன்னா யாரும் உன்னைக் கடிச்சுத் திங்க மாட்டாங்க. உன் பேரு நீல டேக் லிஸ்ட்ல இருக்கு. இன்னைக்கே நான் கையெழுத்துப் போட்டு மேடத்துக்கு அனுப்பிடறேன். கணக்கு நேராயிடும்."

பிரின்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீல டேக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு கையெழுத்து. கூரைக்கு ஓடு மாற்றலாம், அப்பா முதுகு வலியோடு லோடு ஏற்றுவதை நிறுத்தலாம். உண்மையில் காய்ச்சலில் என்னவெல்லாமோ மறக்கத்தான் செய்கிறோம் என்று மனசு ஒரு பக்கம் பேரம் பேசியது.

"நான் மறக்கல சார்."

"அது எனக்குத் தெரியும்மா. பேப்பருக்குச் சொல்றேன்."

"பேப்பர்ல இருக்கறது தான சார் நாளைக்கு நிக்கும். தூண் ஓரம் வெச்சது தப்புன்னு எழுதுங்க, போடறேன். கூண்டு சாவி இல்லாம வெச்சேன், அது என் தப்பு. சொல்லலன்னு போட மாட்டேன். சொன்னேன்."

தேன் வற்றிவிட்டது. "அப்ப டேக்கையும் மறந்துடு. கூட்டத்துக்கு வா. லீவு போட்டதுக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு லைனுக்குப் போ."

அன்றைய காலைக் கூட்டத்துக்குப் பிளான்ட் மேனேஜர் பரசுராமனும் வந்திருந்தார், பக்கத்தில் செண்பகம் மேடமும். திரும்பி வந்த லாரியைப் பற்றி ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள். வழக்கம்போல மணவாளன், "லீவுல இருந்து வந்தவங்க முன்னால வரலாம்" என்றார்.

பிரின்சி முன்னால் வந்தாள். முகம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொள்ளவில்லை, குனியவும் இல்லை.

"எனக்குக் காய்ச்சல். வர முடியல. வர முடியலன்னு காலையிலயே எழுதினேன். நான் எழுதினது இப்ப குரூப்புல இல்ல, அதனால திருப்பிச் சொல்றேன்" என்று ஆரம்பித்து, வணக்கத்திலிருந்து வரிசையாக ஒப்பித்தாள். மூன்றாம் மெஷின், தூண் ஓரம், அட்டை, செக் பண்ணாமல் அனுப்ப வேண்டாம், சாவி. எழுதும்போது காய்ச்சலில் ஒவ்வொரு சொல்லையும் கோர்த்துக் கோர்த்து எழுதியதால் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. "அதுலயே சாரியும் இருக்கு. ஒரு தடவ. கடைசி நேரத்துல சொன்னதுக்கு. காய்ச்சல் வந்ததுக்கு சாரி கெடையாது."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மேனேஜர் சார் முன்னால இதெல்லாம் பேசாதே" என்றார் மணவாளன். "அந்த மெசேஜ்ல ஹோல்டுன்னு எதுவும் இல்லை. அவ திமிரா எழுதியிருந்தா, அதான் எடுத்தேன். அவ்வளவுதான்."

பரசுராமன் கூட்டத்தைப் பார்த்தார். "யாராவது படிச்சீங்களா?"

அன்றைக்குக் கட்டைவிரல் போட்ட கைகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. பிரின்சி நந்தினி பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நந்தினி பேச வேண்டியிருக்கும், பேசினால் அவள் டேக்கும் போகும். அவள் பெயரை இழுக்கக் கூடாது என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

"நான் படிச்சேன் சார்." நந்தினியின் குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "பீரோ சாவி இந்தா இன்னும் எங்கிட்டதான் கீது. பொட்டி ஹோல்டுன்னு நான் சார் கிட்ட சொன்னேன். அக்கா மெசேஜு செல்லாதுன்னாரு."

லோகு தலையைச் சொறிந்துகொண்டே ஒரு அடி முன்னால் வந்தான். "நானும் காலைல படிச்சேன் சார். அப்புறம் பார்த்தா அழிச்சிருந்தாங்க. சரி, ஹோல்டு கேன்சல் பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சு ஏத்திட்டேன். அழிச்சா கேன்சல் தானே சார்?"

அடக்கமாக இல்லை என்று மணவாளன் அழித்ததைச் சரக்கு அனுப்பச் சம்மதம் என்று படித்துவிட்டார்கள். லோகுவைக் குறை சொல்லவும் வழியில்லை. அந்தக் கம்பெனியில் மெசேஜ் மறைந்தால் உத்தரவு மறைந்தது என்றுதான் பொருள். அதைப் பழக்கியதும் அவர்தான்.

பரசுராமன் மணவாளனைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே பேசியது வெளியே கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரகடத்துக்குப் போன விளக்கத்தில் பிரின்சியின் பெயர் இல்லை. மணவாளன் பெயரும் இல்லை. 'தகவல் தொடர்பில் குறைபாடு' என்று மட்டும் இருந்ததாக செண்பகம் மேடம் சொன்னார். கூண்டுக்கு இரண்டாவது சாவி செய்து லைன் லீடரிடம் கொடுத்தார்கள். லீவு போட்டு வந்தவர்கள் முன்னால் வந்து நிற்கிற வழக்கம் அறிவிப்பு இல்லாமலே நின்றுபோனது.

நீல டேக் வரவில்லை. மணவாளன் அதே நாற்காலியில்தான் இருந்தார், கையெழுத்தும் அவருடையதுதான். ஒரு நாள் செண்பகம் மேடம் கேன்டீனில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பாரு பிரின்சி, அவருக்கு மனசு கஷ்டமா இருக்கு. போயி ஒரு சாரி சொல்லிடு. நான் பேசி மறுபடி பட்டியல்ல சேர்த்துடறேன். ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லிட்டேன் மேடம். மெசேஜ்லயே இருந்துச்சு. அவருதான் அழிச்சிட்டாரு."

செண்பகம் மேடம் சிரிக்காமலிருக்கப் பார்த்து முடியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பீட்டர் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் திட்டினார். "ஒரு வார்த்தைல போற விஷயம், பேஜாரு பண்ணிக்கினியே! ஓடு மாத்தலாம்னு இருந்தேன்." திட்டி முடித்தவர் சாப்பிட்டார், கை கழுவினார். அப்புறம், "அழிச்சிட்டாருன்னா சொன்ன?" என்று கேட்டு, தோள் குலுங்கத் தனியாகச் சிரித்தார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், மஞ்சள் டேக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிரின்சி ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது போன் வந்தது. லைனுக்குப் புதிதாக வந்த மோகன்ராஜ். தொண்டை கட்டிப் போய்த் தவளை மாதிரி பேசினான்.

"அக்கா, நெருப்பா கொதிக்குதுக்கா. இன்னிக்கு வர முடியாது. சாருக்கு எப்டிக்கா எழுதறது? மரியாதைக்குரியன்னு ஆரம்பிச்சு பாதிலயே நிக்குது. டிரிப்ஸ் போட வேற ஆள தேடிக்கினு கீறேன்."

"டிரிப்ஸெல்லாம் வேணாம், உடு. இன்னா ஒடம்புக்கு?"

"காய்ச்சல்."

"அத எழுது. வர மாட்டேன்னு எழுது."

"அப்புறம் சாரி எத்தினி போடணும்?"

"ஒண்ணு."

"ஒண்ணு போதுமா அக்கா?"

ரயில் வந்துவிட்டது. முதலில் ஏறிய நந்தினி பெண்கள் பெட்டியிலிருந்து கையாட்டி இடம் காட்டினாள். பிரின்சி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏறினாள்.

"போதும்டா. நேத்து உன் மெஷின்ல எத எத நிறுத்தி வெச்ச? சாவி யார் கிட்ட? அத எழுது."